பதிவான வகுப்பை வேகம் கூட்டிப் பார்க்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடன் படிப்பவர்கள் எல்லோரும் 2 மடங்கு வேகத்தில் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் மனத்தில் நிற்குமா?

பெரும்பாலும் நிற்கும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2021-இல் வெளிவந்தது. மாணவர்களில் சிலருக்கு இயல்பான வேகத்திலும், மற்றவர்களுக்கு 1.5, 2, 2.5 மடங்கு வேகங்களிலும் ஒரே வீடியோக்களைக் காட்டி, உடனே ஒரு தேர்வும் ஒரு வாரம் கழித்து ஒரு தேர்வும் வைத்தார்கள். 2 மடங்கு வரை மதிப்பெண்ணில் பெரிய வேறுபாடு இல்லை. 2.5-இல் சரிந்தது.

இந்த முடிவைச் சொல்லித்தான் பலரும் 2-இல் வைத்து ஓட்டுகிறார்கள். ஆனால் என்ன வீடியோக்களைக் காட்டினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்று ரோமானியப் பேரரசைப் பற்றியது, மற்றொன்று வீடு, நிலங்களின் மதிப்பைக் கணிப்பது பற்றியது. இரண்டும் கதைபோலக் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடியவை. ஒரு சமன்பாட்டின் மூன்றாம் வரி நான்காம் வரியாக எப்படி மாறியது என்று யோசித்தபடி பார்க்க வேண்டிய வகுப்புக்கு அதே எண்ணைப் பொருத்தக் கூடாது. காதுக்கு எட்டும் வேகமும் கை கணக்குப் போடும் வேகமும் வெவ்வேறு.

சரி, எனக்கு எந்த வேகம் ஏற்றது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே எண்ணைத் தேடாதீர்கள். மெதுவாக, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் பேசும் ஆசிரியரை 1.75-இல் கேட்பதும், படபடவென்று பேசுபவரை 1.1-இல் கேட்பதும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே ஒவ்வோர் ஆசிரியருக்கும் முதல் வீடியோவில் ஐந்து நிமிடம் செலவிட்டுப் பாருங்கள். 1.25-இல் தொடங்கி, நிமிடத்துக்கு ஒருமுறை 0.25 கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் கூட்டுவதற்கு முன் நிறுத்தி, கடைசியாகச் சொன்ன இரண்டு வாக்கியங்களின் பொருளை உங்கள் சொற்களில் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆசிரியரின் சொற்களே அப்படியே திரும்பி வந்தால், ஒலி மட்டும் உள்ளே போயிருக்கிறது, பொருள் போகவில்லை. அந்த இடத்திலிருந்து ஒரு படி இறங்குங்கள்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெரியும் இன்னோர் அறிகுறி, பின்னால் தள்ளிக் கேட்பது. பத்து நிமிடப் பகுதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1.5-இல் அது 6 நிமிடம் 40 விநாடி, 2-இல் 5 நிமிடம். மிச்சம் 1 நிமிடம் 40 விநாடி. ஒருமுறை பின்னால் தள்ளி, இடம் தேடி, மறுபடி கேட்க ஏறக்குறைய 25 விநாடி ஆகிறது என்று வையுங்கள். நான்கு முறை தள்ளினால் மிச்சம் முழுவதும் கரைந்துவிட்டது. கூடவே எரிச்சலும் சேர்ந்துவிட்டது. பத்து நிமிடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் விரல் பின்னோக்கிப் போனால் நான் 0.25 குறைத்துவிடுவேன்.

ஒரே ஆசிரியர், ஒரே வீடியோ என்றாலும் உள்ளே வேகம் மாறலாம், மாறவும் வேண்டும். போன வகுப்பின் நினைவூட்டல், பலகையில் எழுதி முடிக்கும் வரை நிலவும் மௌனம், யாரோ கேட்ட கேள்வி சரியாகக் காதில் விழாமல் திருப்பிக் கேட்கும் பகுதி ஆகியவற்றுக்கு 2 போதும். புதிய வரையறை வரும்போது 1.25. கணக்குப் போட்டுக் காட்டும்போது 1.

2-க்கும் மேலே போனால் இன்னும் மிச்சமாகுமே?

ஆகும், ஆனால் நினைப்பதைவிடக் குறைவாக. 60 நிமிட வீடியோ 1.5-இல் 40 நிமிடம், 2-இல் 30, 2.5-இல் 24. அதாவது முதல் அரை மடங்கு 20 நிமிடத்தைத் தருகிறது. அடுத்த அரை மடங்கு 10 நிமிடம். அதற்கடுத்தது 6 நிமிடம்தான். அந்த 6 நிமிடத்துக்காகத்தான் புரிதலைப் பணயம் வைக்கிறீர்கள்.

வேகம், நிறுத்தம், குறிப்பு எல்லாம் சேர்ந்து ஒரு வகுப்பில் எப்படி இருக்கும்? ஓர் உதாரணம் காட்ட முடியுமா?

அண்மையில் நான் பார்த்த ஒரு நிகழ்தகவு வகுப்பையே சொல்கிறேன். தலைப்பு பேயஸ் தேற்றம், நீளம் 48 நிமிடம்.

முதலில் வீடியோவின் அடிப்பட்டையில் சுட்டியை நகர்த்தி முழு வகுப்பையும் அரை நிமிடத்தில் ஒரு பார்வை பார்த்தேன். சிறு படங்களிலேயே பலகை எங்கே அழிக்கப்படுகிறது, எங்கே கணக்கு தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும். ஐந்து பகுதிகள் தென்பட்டன.

முதல் 6 நிமிடம் போன வகுப்பின் சுருக்கம். 2-இல் பார்த்தேன், 3 நிமிடம் ஆனது. அடுத்த 14 நிமிடம் நிபந்தனை நிகழ்தகவு பற்றிய விளக்கம், 1.25-இல் 11 நிமிடம். அதன்பின் 16 நிமிடம் ஒரு கணக்கு; அதை இயல்பான வேகத்திலேயே விட்டேன். பிறகு 7 நிமிடம் மாணவர்களின் கேள்விகள், 2-இல் மூன்றரை நிமிடம். கடைசி 5 நிமிடத் தொகுப்பு, 1.5-இல் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். ஆக ஓடிய நேரம் சுமார் 37 நிமிடம், மிச்சம் 11.

அந்த 11 நிமிடத்தில் 10 நிமிடத்தை நிறுத்தங்களுக்குக் கொடுத்தேன். மொத்தம் நான்கு நிறுத்தங்கள். முதல் இரண்டு விளக்கப் பகுதியில், ஒவ்வொரு கருத்தும் முடிந்த இடத்தில், இரண்டிரண்டு நிமிடம். மூன்றாவதுதான் முக்கியமானது. 22-ஆம் நிமிடத்தில் ஆசிரியர் கணக்கைச் சொல்லி முடித்தார்: நூறு பேரில் ஒருவருக்கு ஒரு நோய் இருக்கிறது. நோய் உள்ள நூறு பேரில் 90 பேரைப் பரிசோதனை சரியாகக் காட்டும். நோய் இல்லாத நூறு பேரில் 9 பேரையும் நோயாளி என்று தவறாகக் காட்டும். ஒருவருக்கு நோய் இருப்பதாகப் பரிசோதனை சொன்னால், உண்மையில் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு?

அவர் விடையைத் தொடங்குமுன் நிறுத்தினேன். நான்கு நிமிடம் நானே முயன்றேன். தாளில் 80 சதவீதத்துக்கு மேல் என்று எழுதினேன். பிறகு ஓட்டினேன். அவர் ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டார். நோயாளிகள் 10 பேர். அவர்களில் 9 பேருக்குப் பரிசோதனை 'உண்டு' என்கிறது. நோய் இல்லாதவர்கள் 990 பேர்; அவர்களில் ஏறக்குறைய 89 பேருக்கும் 'உண்டு' என்கிறது. 'உண்டு' என்று வந்த 98 பேரில் உண்மையான நோயாளிகள் 9 பேர்தான். விடை சுமார் 9 சதவீதம்.

நான் எழுதிய 80-ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 9 என்று எழுதியபோது ஏற்பட்ட அதிர்ச்சி இன்னும் இருக்கிறது. நிறுத்தாமல் ஓட விட்டிருந்தால் 'ஆமாம், சரிதான்' என்று தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பேன்.

நான்காவது நிறுத்தம் கணக்கு முடிந்தபின், இரண்டு நிமிடம். வீடியோ முடிந்ததும் எல்லாவற்றையும் மூடிவிட்டு, வெற்றுத் தாளில் ஐந்து நிமிடம் நினைவில் இருந்ததை எழுதினேன். மொத்தம் 52 நிமிடம். வகுப்பின் நீளத்தைவிட 4 நிமிடம் அதிகம்தான். வேகம் கூட்டிய பின்னுமா என்று கேட்பீர்கள். வேகம் கூட்டியதால்தான் இந்தப் பதினைந்து நிமிட வேலையும் ஏறக்குறைய ஒரு வகுப்பின் நேரத்துக்குள் அடங்கியது.

எந்த இடத்தில் நிறுத்த வேண்டும்? மணி பார்த்து நிறுத்தலாமா?

மணி பார்த்து நிறுத்தினால் வாக்கியத்தின் நடுவில் வெட்டிக்கொள்வீர்கள். ஆசிரியர்களே இடம் காட்டிக் கொடுப்பார்கள்: பலகையை அழிக்கப் போகும்போது, ஸ்லைடு மாறும்போது, 'இப்போது ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம்' என்னும்போது, கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடி காத்திருக்கும்போது. அந்தக் கடைசி இடத்தைத் தவற விடாதீர்கள். நேரில் இருந்தால் அந்த ஒரு நொடிக்குள் யோசிக்க முடியாது. பதிவில் எத்தனை நிமிடம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

எத்தனை முறை என்றால், 5 முதல் 10 நிமிட ஓட்டத்துக்கு ஒன்று என்பது எனக்குச் சரியாக வருகிறது. 2013-இல் ஹார்வர்டில் நடந்த ஓர் ஆய்வில், 21 நிமிடப் புள்ளியியல் வகுப்பு ஒன்றை நான்கு துண்டுகளாக்கிக் காட்டினார்கள். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் சிறு தேர்வு எழுதியவர்களிடம், எழுதாதவர்களைவிட மனம் அலைவது பாதியளவாகக் குறைந்தது. குறிப்பு எடுப்பதும் கூடியது. 'நிறுத்தியவுடன் எதையோ எழுத வேண்டியிருக்கும்' என்று தெரிந்தாலே கவனம் தானாக உட்கார்ந்துவிடுகிறது.

நான் நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன். ஒரு மணி நேர வகுப்பு இரண்டரை மணி நேரம் ஆகிறது. என்ன தவறு?

படி எடுக்கிறீர்கள். ஆசிரியர் ஒரு வாக்கியம் சொல்கிறார், நிறுத்துகிறீர்கள், எழுதுகிறீர்கள், ஓட்டுகிறீர்கள். கையில் பேனா இருக்கும் வரை உழைப்பதுபோலவே தோன்றும். ஆனால் ஐந்து விநாடி முன் கேட்ட வாக்கியத்தை எழுதுவதற்கு மூளை எதையும் தேட வேண்டியதில்லை, அது இன்னும் காதிலேயே இருக்கிறது.

எழுதும் நேரத்தைத் தள்ளிப் போடுங்கள். ஓடும்போது ஓரிரு சொற்களும் நேரமும் மட்டும் குறித்தால் போதும். கருத்து முடிந்ததும் நிறுத்தி, திரையைப் பார்க்காமல், இரண்டு மூன்று வாக்கியம் எழுதுங்கள். எழுத வராத இடத்தில் சிறிது வெற்றிடம் விட்டு, நேரத்தைக் குறித்துவிட்டு மேலே போங்கள். உடனே பின்னால் ஓடிப் போய்த் தேடாதீர்கள். பாதி வெற்றிடங்களுக்கு அடுத்த ஐந்து நிமிடத்தில் ஆசிரியரே விடை சொல்லிவிடுவார். கடைசியில் மிஞ்சும் இரண்டு மூன்றுக்காக மட்டும் அந்த நேரத்துக்குப் போய்ப் பாருங்கள்.

என் தாளில் மேலே சொன்ன வகுப்புக்கு இருந்தது இவ்வளவுதான்:

13:10 – நிபந்தனை தெரிந்ததும் எல்லாம் சுருங்குகிறது. மொத்தப் பேரை மறந்து, நிபந்தனைக்கு உட்பட்டவர்களை மட்டும் எண்ண வேண்டும்.
19:50 – A தெரிந்தால் B-யும், B தெரிந்தால் A-யும் ஒன்றல்ல. ஏன்? ______
22:05 – என் ஊகம் 80-க்கு மேல். விடை 9.
36:00 – நோய் அரிதாக இருந்தால் தவறான 'உண்டு'கள் உண்மையானவற்றை மூழ்கடிக்கும்.

19:50-இல் இருந்த வெற்றிடம் 36-ஆம் நிமிடத்தில் தானாக நிரம்பியது. அது நிரம்பிய விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

சூத்திரங்கள், வரையறைகள், குறியீடுகள் ஆகியவற்றில் மட்டும் இந்த விதி செல்லாது. அவற்றை எழுத்து மாறாமல் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். நினைவிலிருந்து எழுதிய சூத்திரத்தில் ஒரு குறி மாறியிருந்தால் அந்தப் பிழையையே மூன்று வாரம் மனப்பாடம் செய்துகொண்டிருப்பீர்கள்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் போதாதா?

சிக்கலான வரைபடத்துக்கும் அட்டவணைக்கும் எடுங்கள். ஒரு வகுப்புக்கு மூன்றுக்கு மேல் போனால் அது குறிப்பு அல்ல, சேமிப்புக் கிடங்கு. ஒவ்வொன்றின் கீழும் 'இது எந்தக் கேள்விக்கு விடை' என்று ஒரு வரி எழுதுவதை வழக்கமாக்கினால் எண்ணிக்கை தானாகக் குறைந்துவிடும்.

குறிப்பிலிருந்து பிறகு படிப்பதற்கான கேள்விகளை எப்படி எழுதுவது?

வீடியோ முடிந்த அன்றே, சூடு ஆறுமுன் எழுதுங்கள். ஒரு வகுப்புக்கு ஐந்து அல்லது ஆறு போதும். இருபது எழுதினால் இரண்டாம் முறையே கைவிட்டுவிடுவீர்கள்.

நான் முதலில் எழுதியவை எல்லாம் 'பேயஸ் தேற்றம் என்றால் என்ன?' என்ற வகை. இதற்கு எப்படி வேண்டுமானாலும் விடை சொல்லிவிட்டுத் தெரிந்ததாக நம்பிக்கொள்ளலாம். சரியா தவறா என்று ஐந்து விநாடியில் தெரிந்துவிடும் கேள்விதான் பயன்படும். மேலே உள்ள வகுப்புக்கு நான் வைத்துக்கொண்டவற்றில் இரண்டு: 'நூறில் ஒருவருக்கு நோய், சரியாகக் காட்டுவது 90, தவறாகக் காட்டுவது 9. ஆயிரம் பேரை வைத்துக் கணக்கிடு.' 'நோய் நூறில் ஒருவருக்குப் பதில் நூறில் இருபது பேருக்கு இருந்தால் விடை ஏறுமா, இறங்குமா? ஏன்?'

இரண்டாவது கேள்விக்கான விடை வகுப்பில் எங்கும் இல்லை. ஆயிரம் பேரில் 200 நோயாளிகள், அவர்களில் 180 பேருக்கு 'உண்டு'; மீதி 800 பேரில் 72 பேருக்குத் தவறாக 'உண்டு'. 252-இல் 180, ஏறக்குறைய 71 சதவீதம். எண்ணை மட்டும் மாற்றிய இப்படியொரு கேள்வி, விடையை மனப்பாடம் செய்து தப்பித்துவிட விடாது.

எப்போது திரும்பிப் பார்க்க வேண்டும்? மறுநாளா, ஒரு வாரம் கழித்தா?

தேர்வோ, அந்தப் பாடம் தேவைப்படும் நாளோ எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2008-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அதிகம் கேள்விப்படாத தகவல்களை மக்களுக்குக் கற்பித்து, வெவ்வேறு இடைவெளியில் ஒருமுறை திரும்பப் படிக்க வைத்து, பின்னர் தேர்வு வைத்தார்கள். தேர்வு அதற்கு 7 நாள் கழித்து என்றால் ஒரு நாள் இடைவெளி சிறந்ததாக இருந்தது. 35 நாள் கழித்து என்றால் 11 நாள். ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்து என்றால் 21 நாள். நெடுநாள் நிற்க வேண்டியதற்கு இடைவெளியும் நீள வேண்டும்.

அங்கே திரும்பப் படித்தது ஒரே முறை. நாம் மூன்று முறை செய்யலாம் என்பதால், ஒன்றரை மாதத்தில் வரும் தேர்வுக்கு நான் வைத்துக்கொள்வது மறுநாள், 4-ஆம் நாள், 15-ஆம் நாள். இது என் பழக்கம், சட்டம் இல்லை. மறுநாள் 8 நிமிடம் பிடிக்கும். அடுத்த இரண்டும் ஐந்தைந்து நிமிடம். வீடியோ முடித்தவுடனே மூன்று தேதிகளையும் நாட்காட்டியில் எழுதிவிடுவேன். 'நேரம் கிடைக்கும்போது' என்று விட்டவை எதுவும் எனக்கு நடந்ததில்லை.

திரும்பிப் பார்ப்பது என்றால் குறிப்பை இன்னொரு முறை வாசிப்பதுதானே?

இல்லை. குறிப்பை மூடி வைத்துவிட்டுக் கேள்விகளுக்கு வெற்றுத் தாளில் விடை எழுதுவது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் தெளிவாகக் காட்டினார்கள். ஒரு பத்தியை நான்கு முறை படித்தவர்களும், ஒருமுறை மட்டும் படித்து மூன்று முறை நினைவிலிருந்து எழுதியவர்களும் மோதினார்கள். ஐந்து நிமிடத்துக்குப் பின் வைத்த தேர்வில் படித்தவர்களே முன்னணி: 83-க்கு 71 சதவீதம். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61.

ஐந்து நிமிடத் தேர்வில் வந்த அந்த 83-தான் நம்மை ஏமாற்றுகிறது. வீடியோவை மறுபடி பார்த்தவுடன் எல்லாம் கைக்குள் இருப்பதுபோல் தோன்றும். நானும் ஏமாந்திருக்கிறேன். ஒரு முழுப் பாடத்திட்டத்தின் முப்பது வீடியோக்களை 2 மடங்கில், நிறுத்தாமல், ஒரே வாரத்தில் முடித்தேன். ஒவ்வொன்றும் புரிந்தது. இரண்டு வாரம் கழித்து முதல் பயிற்சித் தாளின் முதல் கணக்கைத் தொடங்கவே தெரியவில்லை.

மறுநாள் தாளின் முன் உட்கார்ந்தால் ஒன்றுமே வரவில்லை. அப்படியானால் பார்த்தது வீணா?

வீணில்லை. ஒரு நிமிடமாவது விடாமல் தேடுங்கள். தலைப்பு, பலகையில் வரைந்த படம், ஆசிரியர் எடுத்த எண்கள் என்று ஏதாவது ஒரு நுனியைப் பிடித்தால் மீதி வரலாம். பேயஸ் வகுப்புக்கு மறுநாள் எனக்கு ஆயிரம் பேர், 10 நோயாளிகள் வரை வந்தது. அந்த 9 சதவீதம் யாரில் 9 என்பது மறந்துவிட்டது. குறிப்பில் நேரம் இருந்ததால் 24-ஆம் நிமிடத்துக்குப் போய் ஒன்றரை நிமிடம் மட்டும் பார்த்தேன். குறிப்பில் நேரம் எழுதுவதன் பலன் அங்கேதான் தெரிந்தது.

பார்த்தபின் வீடியோவை மூடிவிட்டு அந்தக் கேள்விக்கு மறுபடி விடை எழுதுங்கள். விடையைப் பார்த்துவிட்டு 'ஆ, இதுதான்' என்று விட்டுவிட்டால் நான்காம் நாளும் அதே இடத்தில் நிற்பீர்கள். பாதிக்கு மேல் கேள்விகள் காலியாகவே இருந்தால் குற்றம் நினைவாற்றலில் இல்லை. பார்த்தபோதே புரியவில்லை என்று பொருள். அந்தப் பகுதியை ஒரு படி குறைந்த வேகத்தில் மறுபடி பாருங்கள்.

முழு வீடியோவையும் இரண்டாம் முறை பார்ப்பது எப்போதாவது சரியா?

இடைவெளி விட்டால் சரி. முதலில் சொன்ன லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வில், 2 மடங்கில் அடுத்தடுத்து இரண்டு முறை பார்த்தவர்களுக்கு, இயல்பான வேகத்தில் ஒருமுறை பார்த்தவர்களைவிடப் பலன் ஒன்றும் கூடவில்லை. 2-இல் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு வாரம் கழித்துத் தேர்வுக்குச் சற்று முன் மறுபடி 2-இல் இரண்டாம் முறை பார்த்தவர்கள் மேலே போனார்கள். மொத்த நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

வேற்று மொழி வகுப்பு, பழக்கமில்லாத உச்சரிப்பு. வேகம் கூட்டலாமா?

முதல் இரண்டு மூன்று வீடியோக்களுக்கு 1-இலேயே இருங்கள், வசன வரிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். காது பழகியதும் கூட்டலாம். தானாக உருவாகும் வசன வரிகள் கலைச்சொற்களைத்தான் அதிகம் குழப்பும். அங்கே பலகையில் இருக்கும் எழுத்தை நம்புங்கள்.

ஒவ்வொரு முறையும் மெனுவுக்குள் போய் வேகம் மாற்றுவது தொல்லையாக இருக்கிறது. எளிய வழி உண்டா?

விசைப்பலகையைப் பழகுங்கள். யூடியூபில் `Shift` உடன் `>` அழுத்தினால் 0.25 கூடும், `<` அழுத்தினால் குறையும். `K` நிறுத்தவும் ஓட்டவும், `J` பத்து விநாடி பின்னே, `L` பத்து விநாடி முன்னே. தரவிறக்கிய வீடியோவை `VLC`-இல் பார்ப்பவர்களுக்கு `]` வேகம் கூட்டும், `[` குறைக்கும், `=` இயல்பு நிலைக்குக் கொண்டுவரும்.

சில கல்வித் தளங்களில் வேகத்துக்கான பட்டனே இருக்காது. கணினியின் உலாவியில் `F12` அழுத்தி, `Console` பகுதியில் இந்த வரியை இட்டால் பெரும்பாலும் வேலை செய்யும்:

```
document.querySelector("video").playbackRate = 1.4
```

எண்ணை உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளுங்கள். `null` என்ற சொல்லோடு பிழைச்செய்தி வந்தால், பெரும்பாலும் வீடியோ வேறொரு சட்டகத்துக்குள் பதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இந்த வரி அங்கே எட்டாது. புரியாத எந்த வரியையும் அந்த இடத்தில் ஒட்டாதீர்கள். உங்கள் கணக்கையே திருட முடியும்.

வேகம் கூட்டினால் குரல் கீச்சிடும் என்ற பயம் வேண்டாம். இன்றைய உலாவிகள் சுருதியை மாற்றாமலேயே வேகத்தை மாற்றுகின்றன.

பார்க்காத வகுப்புகள் 14 சேர்ந்துவிட்டன. தேர்வுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. இதற்கெல்லாம் நேரம் ஏது?

பதினான்கையும் ஒரே மாதிரி பார்க்க முடியாது. முதலில் பழைய வினாத்தாளையோ பயிற்சித் தாளையோ எடுத்து, ஒவ்வொரு வகுப்பின் தலைப்பிலும் ஒரு கேள்வியை முயன்று பாருங்கள். போட முடிந்தவற்றின் வீடியோவை விட்டுவிடலாம். ஐந்து அப்படிக் கழிந்துவிடும் என்று வையுங்கள், மீதி ஒன்பது.

ஒரு நாளைக்கு இரண்டு வீதம் ஐந்து நாளில் முடித்துவிடுங்கள். கடைசி நாளில் ஒன்றுதான் மிஞ்சும். விளக்கத்துக்கு 1.5, கணக்குக்கு 1. நிறுத்தங்களைக் குறைக்கலாம், விடைக்கு முன் நிறுத்தி நீங்களே முயல்வதை மட்டும் குறைக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் முதல் பதினைந்து நிமிடம் முந்தைய நாள் கேள்விகளுக்கு. மீதி ஐந்து நாளில் புதிய வீடியோ எதுவும் வேண்டாம். கேள்விகளையும் பயிற்சித் தாள்களையும் மட்டும் எடுங்கள். பத்தாம் நாள் இரவு பார்க்காத வகுப்பு ஒன்று கண்ணில் பட்டால், அதைத் திறக்காமல் தூங்கப் போய்விடுங்கள்.